லைனை நிறுத்துவது யார்? ஒரு கட்டண மாற்ற அறிவிப்பைத் திருத்தி எழுதிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாரம் இரண்டு மாலைகள், கோயில் மண்டபத்தை ஒட்டிய ஓர் அறையில், கடிதங்களைப் படித்துச் சொல்லவும் படிவங்களை நிரப்பித் தரவும் நாங்கள் மூன்று பேர் உட்காருவது வழக்கம். வருபவர்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் ரப்பர் சீவியவர்கள் அல்லது செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர்கள். சிலர் இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருக்கிறார்கள். பலர் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்கு மாறிவிட்டார்கள். 2025 பிப்ரவரி 24, திங்கட்கிழமை மாலை, ஒரே மாதிரி கடித உறையோடு ஏழு பேர் வந்தார்கள். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனம், வீட்டு இணையச் சேவைக் கட்டணத்தை மாற்றுவது பற்றி அனுப்பிய அறிவிப்பு அது. மலாயிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பக்கங்கள், பின்னால் ஒரு பக்கத் தமிழாக்கம்.

முதலில் வந்த பாட்டி கேட்ட கேள்வி, "தம்பி, லைன வெட்டப் போறாங்களா?" என்பது. அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். அந்தப் பக்கத்தை வீட்டில் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களில் இன்னும் இருவர் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அறிவிப்பில் லைனைத் துண்டிப்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்கு நேர்மாறாக, கட்டண உயர்வை ஏற்காதவர்கள் அபராதம் இல்லாமல் விலகலாம் என்ற உரிமையைத்தான் அது சொல்ல முயன்றிருந்தது. உரிமை எப்படி மிரட்டலாக வாசிக்கப்பட்டது என்பதைத் தேடப் போனதில்தான் இந்த ஆய்வு தொடங்கியது.

மூல அறிவிப்பில் இருந்தவை

தமிழ்ப் பக்கத்தின் தலைப்பு "கட்டணக் கட்டமைப்பு மறுசீரமைப்பு தொடர்பான அறிவிப்பு". சீரமைப்பு என்றால் நம் காதில் விழுவது பழுதைச் சரிசெய்தல்; சாலையைச் சீரமைப்பார்கள், கோயிலைச் சீரமைப்பார்கள். வந்த ஏழு பேரில் ஒருவர், நிறுவனம் ஏதோ கட்டணத்தைக் குறைத்திருக்கிறது என்றே நினைத்திருந்தார். அதன் கீழே, சந்தாத் திட்டத்தின் மாதக் கட்டணம் மார்ச் 1 முதல் 11.24 விழுக்காடு திருத்தப்படுகிறது என்று இருந்தது. பழைய கட்டணம் 89 ரிங்கிட், புதியது 99 ரிங்கிட் என்ற எண்கள், ஐந்து திட்டங்களுக்கான ஓர் அட்டவணையில், மூன்றாவது வரியில் இருந்தன. தம்முடைய திட்டத்தின் பெயர் தெரிந்தால்தான் அந்த வரியைக் கண்டுபிடிக்க முடியும். பில்லில் அச்சாகும் திட்டப் பெயரும் அட்டவணையில் இருந்த பெயரும் ஒன்றாக இல்லை.

இரண்டாம் பக்கத்தின் அடிக்குறிப்பில், அஞ்சலில் அனுப்பப்படும் அச்சிட்ட பில்லுக்கு மாதம் 5 ரிங்கிட் கையாளும் கட்டணம் விதிக்கப்படும் என்று ஒரு வரி இருந்தது. தமிழ்ப் பக்கத்தில் அது விடுபட்டிருந்தது. இந்த ஊரில் மூத்தவர்கள் எல்லாரும் காகிதப் பில்தான் வாங்குகிறார்கள். ஆகவே அட்டவணையில் இருந்த 10 ரிங்கிட் உயர்வோடு, அவர்களை மட்டும் தொடும் இன்னொரு 5 ரிங்கிட்டும் இருந்தது. அவர்கள் படிக்கக்கூடிய மொழியில் அது எங்குமே இல்லை.

கடைசிப் பத்தி இது: "இம்மாற்றத்திற்கு உடன்படாத பட்சத்தில், இவ்வறிவிப்பு நாளிலிருந்து 30 நாட்களுக்குள், விதிமுறைகளுக்கு உட்பட்டு, அபராதமின்றிச் சந்தா ரத்து செய்யப்படலாம். தொடர்ந்து பயன்படுத்துவது ஒப்புதலாகக் கருதப்படும்."

பாட்டியின் கேள்வி இங்கிருந்துதான் பிறந்திருக்கிறது. "ரத்து செய்யப்படலாம்" என்ற செயப்பாட்டு வினையில் யார் ரத்து செய்வது என்பது இல்லை. "லாம்" என்ற ஈறு தமிழில் இரண்டு வேலை செய்யும்: "நீ போகலாம்" என்னும்போது அனுமதி, "மழை வரலாம்" என்னும்போது நடக்கக்கூடியது. எழுவாய் இல்லாத வாக்கியத்தில், நிறுவனத்திடமிருந்து வந்த கடிதத்தில், வாசகர் இயல்பாக நிறுவனத்தையே எழுவாயாக வைத்துக்கொள்கிறார். "உடன்படாவிட்டால் ரத்து செய்துவிடுவார்கள்" என்று புரிந்துகொள்கிறார். ஆங்கில மூலத்தில் சந்தாதாரர் என்ற எழுவாய் இருந்தது. மொழிபெயர்ப்பில் அது கழன்றுபோயிருந்தது. அலுவலகத் தமிழில் இந்தப் "படலாம்" எத்தனை இடங்களில் இப்படி எழுவாயை விழுங்கிவிடுகிறது என்பதை அதற்குப் பிறகுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன்.

மூன்று தேதிகள்

மொழிப் பிழையை விடக் கனமானது தேதிகளில் இருந்தது. கட்டண மாற்ற அறிவிப்பு எதிலும் மூன்று தேதிகள் உண்டு: அறிவிப்பின் தேதி, கட்டணம் அமலாகும் தேதி, அபராதம் இல்லாமல் விலகுவதற்கான கடைசித் தேதி. இவற்றோடு சந்தாதாரருக்கு நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. அதுதான் அவருடைய பில் தேதி. ஓய்வு பெறுவதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் நான் பில் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், அந்த நான்கையும் ஒரு தாளில் கோடு போட்டு வைத்துப் பார்த்தேன்.

அறிவிப்பில் அச்சாகியிருந்த தேதி ஜனவரி 24. ஆனால் அது தனிக் கடிதமாக அனுப்பப்படவில்லை. செலவைக் குறைக்கப் பிப்ரவரி 18 தேதியிட்ட பில்லோடு ஒரே உறையில் வைத்து அனுப்பியிருந்தார்கள். தாமான் வீடுகளுக்குப் பிப்ரவரி 22, 24 தேதிகளில் வந்து சேர்ந்தது. தோட்டத்து லயங்களில் இருப்பவர்களின் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவர்களுக்கு இன்னும் தாமதம். ஜனவரி 24-லிருந்து 30 நாட்களை எண்ணினால் பிப்ரவரி 23. அது ஞாயிற்றுக்கிழமை, நிறுவனத்தின் ஈப்போ கவுண்டர் மூடியிருக்கும் நாள். இடையில் சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் வேறு வந்துபோயின. எங்கள் மேசைக்கு வந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு, உறையைப் பிரிப்பதற்கு முன்பே அந்த உரிமை காலாவதியாகிவிட்டிருந்தது.

இதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அறிவிப்பை எழுதும் பிரிவு வேறு, உறையில் வைத்து அஞ்சல் செய்யும் பிரிவு வேறு. "அறிவிப்பு நாளிலிருந்து" என்று எழுதியவருக்கு, அது எந்த நாளில் எந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பது தெரிந்திருக்காது. ஆனால் அதன் பலனை அனுபவிப்பது, ஒப்பந்தத்தின் 24 மாதம் முடியாத சந்தாதாரர். இப்போது விலகினால், மீதி மாதங்களுக்கான முன்கூட்டி விலகும் கட்டணத்தை அவர் கட்ட வேண்டியிருக்கும்.

நாங்கள் ஏழு பேரின் சார்பிலும் நிறுவனத்துக்கு எழுதினோம். கோபத்தைக் கொட்டவில்லை, அந்தத் தாளில் போட்ட கோட்டை அப்படியே படியெடுத்து இணைத்தோம். மலேசியாவில் இப்படிப்பட்ட முறையீட்டை முதலில் சேவை நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் சி.எஃப்.எம். என்ற தொடர்பு பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்துக்கோ, 1998-ஆம் ஆண்டின் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின்படி இத்துறையைக் கண்காணிக்கும் எம்.சி.எம்.சி. ஆணையத்துக்கோ போகலாம். எங்களுக்கு அந்த இரண்டாம் படி தேவைப்படவில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு, எங்கள் வட்டாரச் சந்தாதாரர்களுக்குக் கட்டண மாற்றத்தை ஜூன் 1-க்கு ஒத்திவைத்து, புதிய அறிவிப்பின் தமிழ் வடிவத்தை எழுதித் தரும்படி எங்களிடமே கேட்டது.

ஜூன் பில் எவ்வளவு வரும்?

எழுத உட்காரும் முன் நிறுவனத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: காகிதப் பில் வாங்கும், 89 ரிங்கிட் திட்டத்தில் இருக்கும், 18-ஆம் தேதி பில் வரும் ஒருவருக்கு ஜூன் மாதப் பில்லின் அடியில் என்ன தொகை அச்சாகும்? பதில் வர நான்கு நாட்கள் ஆயின. அந்த நான்கு நாட்கள் எனக்கே ஒரு தகவலாக இருந்தது. நிறுவனத்துக்குள்ளேயே அந்த எண்ணை யாரும் கணக்கிட்டுப் பார்த்திருக்கவில்லை.

கணக்கு இப்படிப் போகிறது. மாதக் கட்டணம் முன்கூட்டியே வாங்கப்படுகிறது. மே 18 பில்லில் ஜூன் 17 வரையிலான 31 நாட்களுக்குப் பழைய 89 ரிங்கிட் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. ஆனால் ஜூன் 1-லிருந்து புதிய கட்டணம். ஆகவே ஜூன் 1 முதல் 17 வரை, அந்தப் பதினேழு நாட்களுக்கான வேறுபாட்டை அடுத்த பில்லில் சேர்ப்பார்கள்: 10 ரிங்கிட்டில் 31-இல் 17 பங்கு, அதாவது 5 ரிங்கிட் 48 சென். ஜூன் 18 பில்லில் அடுத்த மாதத்துக்கான 99, காகிதப் பில்லுக்கு 5, இந்த 5.48 எல்லாம் சேர்ந்து 109.48, அதன்மேல் 6 விழுக்காடு சேவை வரி 6.57. ஆக மொத்தம் 116 ரிங்கிட் 5 சென். (2024 மார்ச்சில் பொதுவான சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தாலும் தொலைத்தொடர்புச் சேவைக்கு அது 6-லேயே இருக்கிறது. பலர் 8 என்றே கணக்குப் போடுகிறார்கள்.) அடுத்த மாதத்திலிருந்து 110 ரிங்கிட் 24 சென்.

இதுவரை அந்தச் சந்தாதாரர் கட்டிவந்தது 94 ரிங்கிட் 34 சென். "10 ரிங்கிட் உயர்வு" என்று படித்தவர் முதல் பில்லில் பார்க்கப்போவது 21 ரிங்கிட் 71 சென் உயர்வு. பிறகு மாதாமாதம் 15 ரிங்கிட் 90 சென் உயர்வு. மூல அறிவிப்பில் இருந்த எந்த எண்ணையும் வைத்து, 116.05 என்ற எண்ணை ஒருவர் வந்தடைய முடியாது. விழுக்காட்டைச் சொல்லி என்ன பயன்? பிரிட்டனில் 2025 ஜனவரி 17 முதல், புதிய ஒப்பந்தங்களில் இடைக்கால விலை உயர்வைப் பவுண்டு, பென்ஸ் தொகையாகவே முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று அங்குள்ள ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் விதித்திருக்கிறது. எங்கள் கேள்வியும் அதே திசையில்தான்: கடைசியில் கையிலிருந்து போகும் ரிங்கிட் எவ்வளவு?

உயர்வை ஒவ்வொருவரின் பில் தேதியிலிருந்தே அமலாக்கினால் இந்த நாள் கணக்கே வேண்டியதில்லை என்று நான் எழுதினேன். பாட்டிக்கு ஜூன் 18-லிருந்து புதிய கட்டணம், இன்னொருவருக்கு ஜூன் 5-லிருந்து. அப்போது முதல் பில்லும் அடுத்த பில்லும் ஒரே தொகையாக இருக்கும், விளக்க வேண்டிய ஒரு வரியும் குறையும். கணினி முறையில் அமலாகும் தேதி திட்டத்துக்கு ஒன்றுதான் இருக்க முடியும் என்று மறுத்துவிட்டார்கள். எழுத்தால் சரிசெய்ய முடியாத ஒன்றை எழுத்தால் மறைக்கவும் கூடாது என்பதால், முதல் பில்லைத் தனியாகக் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

திருத்திய வடிவம்

பலமுறை அடித்து எழுதியபின் நின்ற வடிவத்தின் முக்கியப் பகுதி இது. தொகைகளும் பில் தேதியும் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் அவரவர் கணக்கிலிருந்து அச்சாக வேண்டும், அட்டவணை கிடையாது.

"உங்கள் வீட்டு இணைய லைனின் கட்டணம் 2025 ஜூன் 1 முதல் உயர்கிறது.

இப்போது நீங்கள் கட்டுவது மாதம் 94.34 ரிங்கிட். ஜூன் 18 தேதியிட்ட பில் 116.05 ரிங்கிட்டாக வரும். ஜூலை 18 பில்லிலிருந்து மாதம் 110.24 ரிங்கிட். இந்தத் தொகைகளில் 6% சேவை வரி அடங்கியுள்ளது.

உயர்வு இரண்டு காரணங்களால் வருகிறது: மாதக் கட்டணம் 89-லிருந்து 99 ரிங்கிட்டாகிறது, அஞ்சலில் வரும் காகிதப் பில்லுக்கு மாதம் 5 ரிங்கிட் புதிதாகச் சேர்கிறது. ஜூன் பில்லில் மட்டும், ஜூன் 1 முதல் 17 வரையிலான கட்டண வேறுபாடு 5.81 ரிங்கிட் கூடுதலாக இருக்கும். காகிதப் பில் வேண்டாம், மின்னஞ்சலில் போதும் என்று எங்களிடம் சொன்னால் மாதக் கட்டணம் 104.94 ரிங்கிட்.

இந்த உயர்வு வேண்டாம் என்றால் நீங்கள் லைனை நிறுத்திக்கொள்ளலாம். அதற்குக் கடைசி நாள் 2025 ஜூலை 31, வியாழக்கிழமை. அன்று வந்து சொன்னாலும் ஏற்றுக்கொள்வோம். உங்கள் 24 மாத ஒப்பந்தம் முடியாமல் இருந்தாலும் அபராதம் கிடையாது. நிறுத்தும் நாள் வரை பயன்படுத்தியதற்கான கட்டணத்தை மட்டும் புதிய விலையில் கட்ட வேண்டும். மோடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் 150 ரிங்கிட்.

நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் லைன் நிற்காது. புதிய கட்டணத்தில் தொடரும். நாங்களாக உங்கள் லைனை நிறுத்த மாட்டோம்."

இதில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். "ரத்து" என்ற சொல்லை முழுவதும் விட்டோம். இங்கே எல்லாரும் லைனை "நிறுத்துவது" என்றுதான் பேசுகிறார்கள். வாக்கியத்துக்கு வாக்கியம் "நீங்கள்", "நாங்கள்" என்று எழுவாய் வெளிப்படையாக இருக்கிறது. எழுத்து நடைக்கு இது கொஞ்சம் திகட்டும், தெரிந்தேதான் வைத்தோம். "30 நாட்களுக்குள்" என்பதற்குப் பதிலாக நாட்காட்டியில் விரல் வைக்கக்கூடிய ஒரு தேதி. "வரை" என்று எழுதினால் அந்த நாள் சேர்த்தியா இல்லையா என்ற சந்தேகம் எழுந்ததால், அன்று வந்தாலும் ஏற்போம் என்று எழுதினோம்.

ஜூலை 31 என்ற தேதிக்காகத்தான் அதிகம் வாதாட வேண்டியிருந்தது. நிறுவனம் முதலில் மே 31 என்றது. உயர்வு அமலாகும் முன்பே முடிவெடுக்கட்டும் என்பது அவர்கள் கருத்து. ஆனால் மனிதர்கள் கட்டண உயர்வை அறிவிப்பில் உணர்வதில்லை, பில்லில்தான் உணர்கிறார்கள். எல்லாப் பில் தேதிகளிலும் புதிய கட்டணம் தாங்கிய முதல் பில் ஜூன் மாதத்துக்குள் வந்துவிடும்; கடைசிச் சுழற்சி ஜூன் 28. அந்தப் பில் தோட்ட அலுவலகத்துக்கு வந்து சேர ஒரு வாரம் ஆனாலும், யோசிக்க மூன்று வாரத்துக்கு மேல் மிஞ்ச வேண்டும் என்று கேட்டோம். ஏற்றுக்கொண்டார்கள். விலகுபவரிடம் ஜூன், ஜூலை நாட்களுக்குப் பழைய விலையே வாங்க வேண்டும் என்றும் கேட்டோம், அதற்கு இணங்கவில்லை. அதனால்தான் "புதிய விலையில்" என்ற சொற்கள் அறிவிப்பில் இருக்கின்றன. கேட்டது கிடைக்காதபோது, கிடைக்கவில்லை என்பதை வாசகர் பார்க்கும்படி வைப்பதுதான் நேர்மை.

படித்துப் பார்த்தவர்கள்

அச்சுக்குப் போகும் முன் எட்டுப் பேரிடம் கொடுத்துப் பார்த்தோம். முதல் ஏழு பேரில் யாரும் இல்லை. "புரிந்ததா?" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். தாளை அவர்கள் கையிலேயே வைத்துக்கொண்டு, மூன்று விஷயங்களைக் காட்டச் சொன்னோம்: ஜூன் பில் எவ்வளவு, அதற்கடுத்த பில் எவ்வளவு, அபராதம் இல்லாமல் நிறுத்த வேண்டுமானால் எந்த நாளுக்குள் யாரிடம் போவார்கள்.

தொகைகளை எட்டுப் பேரும் விரலால் தொட்டுக் காட்டினார்கள். நாளையும் காட்டினார்கள். "யாரிடம்" என்பதில் தடுக்கிவிட்டது. முதல் வடிவத்தில் "எங்கள் வாடிக்கையாளர் மையம்" என்று எழுதியிருந்தோம். ஐந்து பேர், பில் கட்டும் அதே கடைக்குப் போவோம் என்றார்கள். அந்தக் கடையில் பணம் மட்டும்தான் வாங்குவார்கள், நிறுத்தல் படிவத்தை வாங்க மாட்டார்கள். கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன் என்று நம்பி ஒருவர் ஜூலை 31-ஐத் தாண்டிவிட்டால், எழுதிய உரிமை அவருக்கு இல்லாமல் போயிருக்கும். ஆகவே கவுண்டரின் முகவரியும் தொலைபேசி எண்ணும், "பில் கட்டும் கடைகளில் லைனை நிறுத்த முடியாது" என்ற வரியும், நிறுத்தியதற்கான எண்ணோடு ஒரு ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதும் சேர்க்கப்பட்டன.

அறிவிப்பு ஏப்ரலில், பில்லோடு சேர்க்காமல் தனி உறையில் வந்தது. உறையின் வெளியிலேயே "கட்டணம் உயர்கிறது" என்று மூன்று மொழியிலும் அச்சிட்டிருந்தார்கள். நாங்கள் கேட்காமல் அவர்களாகச் செய்தது அது. எனக்கு மனநிறைவாக இருந்தது.

பாட்டி ஏப்ரல் மாதக் கடைசியில் மறுபடி வந்தார். லைனை நிறுத்தவில்லை, பேரன் பினாங்கிலிருந்து காணொளியில் பேசுவது அந்த லைனில்தான். காகிதப் பில்லுக்கு 5 ரிங்கிட் என்பது மட்டும் அவருக்கு உறுத்தியது. பேரனின் மின்னஞ்சலைப் பதிந்து, பில்லை அவனுக்கே அனுப்பச் சொல்லிவிட்டார். ஜூலை பில்லிலிருந்து மாதம் 104.94. படிவத்தை நிரப்பிக் கொடுத்த பிறகுதான் எனக்கு அது தட்டுப்பட்டது: பில் மின்னஞ்சலுக்கு மாறினால், அடுத்த கட்டண மாற்ற அறிவிப்பும் பினாங்கில் இருக்கும் பேரனின் கைப்பேசிக்குத்தான் போகும், லைனுக்குச் சொந்தக்காரரான பாட்டியின் வீட்டுக்கு வராது. பில் எந்த வழியில் போனாலும் கட்டண உயர்வு அறிவிப்பு மட்டும் காகிதத்தில் வீட்டு முகவரிக்கு, கட்டணம் இல்லாமல் வர வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதினோம். இந்த ஒரு கட்டண மாற்றத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். இனி வரும் மாற்றங்களுக்கு என்ன என்று நாங்கள் கேட்ட கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.